டேக் செய்தால் போதுமா? யார் சேனலில் ஏற்றுவது?

கேள்வி: சார், நான் சிவகங்கைப் பக்கம். அம்மாவின் சமையலை வைத்து யூடியூப் சேனல் நடத்துகிறேன், 6,200 சப்ஸ்கிரைபர். காரைக்குடியில் பழைய வீடுகளைக் காட்டும் சேனல் வைத்திருக்கும் நண்பருக்கு 48,000 பேர். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு செட்டிநாட்டு வீட்டுச் சமையல்கட்டில் 17 நிமிட வீடியோ எடுத்தோம். அவர் சேனலில் போட்டு என்னை டேக் செய்தார். 90,000 பார்வை போய்விட்டது, எனக்கு வந்தது 130 சப்ஸ்கிரைபர்தான். இன்ஸ்டாவிலும் ரீல் போட்டு டேக் பண்ணினார், அதுவும் என் பக்கத்தில் வரவில்லை. அதே வீடியோவை என் சேனலிலும் போட்டுவிடலாமா? இரண்டு பேருக்கும் பெயரும் பார்வையும் வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: அதே வீடியோவை உங்கள் சேனலில் ஏற்றாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நிலையில் இருக்கும் பெரும்பாலானவர்கள் கையில் ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டுதான் எனக்கு எழுதுகிறார்கள்.

யூடியூபில் முழு வீடியோ அப்படியே இன்னொரு சேனலில் ஏற்றப்பட்டால் அதைக் கண்டுபிடிக்க Copyright Match Tool என்று ஒரு கருவி இருக்கிறது. முதலில் ஏற்றியவருக்கு, "உங்கள் வீடியோ இன்னாருடைய சேனலில் இருக்கிறது" என்று அது காட்டும். உங்கள் நண்பர் புகார் கொடுக்க மாட்டார்தான். ஆனால் உங்கள் சேனல் பணம் ஈட்டும் தகுதிக்கு விண்ணப்பிக்கும்போது, அதைப் பரிசீலிப்பவர்கள் ஏற்கெனவே வேறு சேனலில் 90,000 பேர் பார்த்த வீடியோவை உங்களிடமும் பார்ப்பார்கள். அது மறுபயன்பாட்டு உள்ளடக்கம் என்ற கணக்கில் போக வாய்ப்பு உண்டு. வீடியோவில் இருப்பது உங்கள் அம்மாதான், உப்பு போடுவது அவர் கைதான் என்பது பரிசீலிப்பவருக்குத் தெரிய வழியில்லை. அதோடு, பார்த்த வீடியோவையே யாரும் இரண்டாவது தடவை முழுதாகப் பார்க்கப் போவதில்லை. வருகிற கொஞ்சம் பேரும் பாதியிலேயே போய்விடுவார்கள்.

சரி, நண்பர் டேக் செய்தார் என்கிறீர்களே, அது என்ன செய்தது என்று பார்ப்போம். யூடியூபில் தலைப்பிலோ விளக்கத்திலோ @ போட்டு ஒரு சேனலின் பெயரை எழுதினால் அது ஒரு இணைப்பு. அதைத் தொட்டால் உங்கள் சேனல் பக்கம் திறக்கும், உங்களுக்கும் ஓர் அறிவிப்பு வரும். அதற்கு மேல் அந்த டேக்குக்கு வேலை இல்லை. உங்கள் சப்ஸ்கிரைபருக்கு அந்த வீடியோ போகாது, உங்கள் சேனல் கணக்கில் ஒரு பார்வைகூட ஏறாது. கல்யாணப் பத்திரிகையில் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற பட்டியலில் பெயர் போடுவது மாதிரி அது. அதிலும் விளக்கப் பெட்டியில் முதல் ஓரிரு வரிதான் வெளியே தெரியும், மீதியைப் பார்க்க விரித்தாக வேண்டும். உங்கள் பெயர் எட்டாவது வரியில், கேமரா விவரத்துக்கும் இசை உரிமத்துக்கும் கீழே இருந்திருந்தால் 130 பேர் வந்ததே பெரிது.

நீங்கள் உண்மையில் தேடுவது யூடியூப் 2025 செப்டம்பரில் அறிவித்த கூட்டுப் படைப்பு வசதி. இதில் வீடியோவை ஏற்றுபவர் மற்ற சேனல்களை அழைக்கலாம், ஐந்து பேர் வரை. அழைக்கப்பட்டவர் ஏற்றுக்கொண்டதும் வீடியோவுக்குக் கீழே சேனல் பெயர் வரும் இடத்தில் எல்லாருடைய பெயரும் வரும். அதைத் தொட்டால் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி Subscribe பட்டனோடு ஒரு பட்டியல் திறக்கும். விளக்கத்தை விரித்துத் தேட வேண்டிய அவசியம் இல்லாமல், பார்க்கிறவரின் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே உங்கள் பெயர் இருக்கும். அதைவிட முக்கியம், யூடியூப் அந்த வீடியோவை உங்கள் பார்வையாளர்களுக்கும் பரிந்துரைக்கலாம். டேக்குக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

ஆனால் இந்த வசதி பெயரையும் பார்வையாளரையும்தான் பகிர்கிறது, வீடியோவைப் பகிர்வதில்லை. வீடியோ ஏற்றியவருடைய சேனலில்தான் இருக்கிறது. விளம்பர வருமானம் முழுவதும் அவருக்குத்தான் போகிறது. பார்வை நேரமும் அங்கேதான் சேர்கிறது. அதனால் அழைப்பை அனுப்புவது எப்படி என்று தெரிந்துகொள்வதைவிட, யார் ஏற்றுவது என்று முடிவெடுப்பதுதான் உங்கள் இருவருக்கும் பெரிய கேள்வி. அதைத்தான் நீங்கள் பேசாமல் விட்டுவிட்டீர்கள்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 90,000 பார்வை என்கிறீர்கள். 17 நிமிட வீடியோவை ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். சரியான எண் நண்பரின் Studio-வில் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 90,000-ஐ 4-ஆல் பெருக்கினால் 3,60,000 நிமிடம். மணியாக்கினால் 6,000 மணி நேரம். விளம்பர வருமானம் பெற 1,000 சப்ஸ்கிரைபரும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பொதுப் பார்வையும் வேண்டும். உங்களிடம் 6,200 பேர் இருக்கிறார்கள், முதல் பாதியை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். உங்கள் சேனல் இன்னும் பணம் ஈட்டத் தொடங்கவில்லை என்றால் தடையாக இருப்பது மணி நேரமாகத்தான் இருக்கும். இந்த ஒரு வீடியோ உங்கள் சேனலில் ஏறி இதே அளவு ஓடியிருந்தால் அந்தத் தடை ஒரே வீச்சில் போயிருக்கும். 48,000 பேர் வைத்திருக்கும் நண்பர் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டியிருப்பார், அவருக்கு அந்த 6,000 மணி நேரம் தகுதிக்காகத் தேவைப்பட்டிருக்காது.

இதை வைத்து நண்பரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் சேனலில் ஏற்றியிருந்தால் 90,000 வந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தொடக்கத்தில் அதைத் தள்ளிவிட்டது அவருடைய 48,000 பேர். அவருக்கும் அந்த வீடியோவிலிருந்து விளம்பரப் பணம் வருகிறது, உங்கள் சேனலில் ஏறியிருந்தால் அது அவருக்கு இல்லை. இரண்டு பக்கமும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்கிற விஷயம் இது.

நான் சேனல்களுக்கு எடிட்டிங்கும் நிர்வாகமும் செய்கிறவன். பெரிய சேனலும் சின்ன சேனலும் சேரும்போது நான் சொல்கிற ஏற்பாடு, ஒன்று விட்டு ஒன்று. ஒரு படப்பிடிப்பில் ஒரே வீடியோ எடுக்காமல் இரண்டு வீடியோவுக்கு எடுங்கள். உங்கள் விஷயத்தில், வீட்டின் கதை ஒன்று: முற்றம், சமையல்கட்டின் அமைப்பு, புகை வெளியேறும் வழி, ஆட்டுக்கல் கிடக்கும் இடம். அது நண்பர் சேனலில், நீங்கள் கூட்டுப் படைப்பாளர். இன்னொன்று சமையல்: அதே அடுப்பில் அம்மா செய்யும் குழம்பு, அளவுகளோடு, முதலிலிருந்து கடைசி வரை. அது உங்கள் சேனலில், நண்பர் கூட்டுப் படைப்பாளர். இரண்டும் வேறு வேறு வீடியோ என்பதால் மறுபதிவேற்றச் சிக்கல் இல்லை. வீட்டைப் பார்க்க வந்தவருக்கு வீடும் சமைக்க வந்தவருக்கு சமையலும் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே மூன்று நாளோ ஒரு வாரமோ இடைவெளி விடுங்கள், முதல் வீடியோவின் கடைசித் திரையில் இரண்டாவதைக் காட்ட முடியும்.

அழைக்கும் முறை சுலபம். ஏற்றுபவர் Studio-வில் வீடியோவின் Details பக்கத்தில் கூட்டுப் படைப்புக்கான பகுதியைத் திறந்து அழைப்பு அனுப்ப வேண்டும், மற்றவர் அதை ஏற்க வேண்டும். இந்த வசதி எல்லாச் சேனலுக்கும் ஒரே நாளில் வந்ததில்லை. அதனால் படப்பிடிப்புத் தேதி குறிக்கும் முன்பே இருவரும் அவரவர் Studio-வைத் திறந்து அந்தப் பகுதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் இருந்தால், முதல் வீடியோவை அவர் ஏற்றட்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு பிசகு உண்டு. நம் ஊரில் நிறைய பேருக்கு ஒரே ஜிமெயிலில் இரண்டு யூடியூப் சேனல் இருக்கிறது: சொந்தப் பெயரில் எப்போதோ தானாக உருவான ஒன்று, உழைத்து வளர்த்த சேனல் இன்னொன்று. அழைப்பைத் திறக்கும்போது போனில் எந்தச் சேனல் தேர்வாகி இருக்கிறதோ அதன் பெயரில் ஏற்றுவிட வாய்ப்பு உண்டு. அப்புறம் வீடியோவுக்குக் கீழே உங்கள் சமையல் சேனலுக்குப் பதிலாக நான்கு பேர் மட்டுமே பின்தொடரும் உங்கள் சொந்தப் பெயர் நிற்கும். ஏற்பதற்கு முன் மேல் மூலையில் இருக்கும் படத்தைத் தொட்டு எந்தச் சேனலில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். வெளியான பிறகு, இருவருடைய கணக்கும் இல்லாத மூன்றாவது ஒரு போனில் வீடியோவைத் திறந்து சரிபாருங்கள். இரண்டு பெயரும் தெரிந்து, தொட்டால் பட்டியல் விரிந்தால் வேலை முடிந்தது. ஒரே பெயர்தான் தெரிகிறது என்றால் அழைப்பு இன்னும் ஏற்கப்படவில்லை. முதல் இரண்டு நாள் ஓட்டம் முடிந்த பிறகு ஏற்றுக்கொண்டு பெரிய பலன் இருக்காது, அதனால் வெளியிடும் நேரத்தில் இருவரும் போன் அருகிலேயே இருங்கள்.

இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். Studio-வில் Permissions என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே நண்பரை Manager ஆகவோ Editor ஆகவோ சேர்ப்பது உங்கள் சேனலின் சாவியைக் கொடுப்பது. அதனால் அவர் பெயர் எந்த வீடியோவிலும் தெரியாது, ஆனால் உங்கள் வீடியோக்களை மாற்றும் அதிகாரம் அவருக்கு வந்துவிடும். "கொலாப் பண்ணுவதற்கு ஆக்சஸ் கொடு" என்று யாராவது கேட்டால் இதைக் கொடுக்காதீர்கள். பாஸ்வேர்டு கேட்டால் பேச்சே வேண்டாம்.

இனி இன்ஸ்டாகிராம். அங்கேதான் நீங்கள் கேட்ட மாதிரியே, பெயரும் பார்வையும் இரண்டு பக்கத்திலும் வருகிறது. 2021-லேயே வந்துவிட்ட வசதி. ரீலைப் பகிரும் முன் வரும் திரையில் Tag people என்பதைத் தொட்டால் உள்ளே இரண்டு வழி இருக்கும். வெறுமனே ஆளைத் தேர்ந்தெடுத்தால் அது டேக்: ரீல் உங்கள் பக்கத்தில் டேக் செய்யப்பட்டவற்றுக்கான தனிப் பகுதியில் மட்டும் கிடக்கும், அங்கே யாரும் போய்ப் பார்ப்பதில்லை. உங்கள் நண்பர் செய்தது இதுதான். Invite collaborator என்பதைத் தொட்டு அழைத்தால் அது கூட்டுப் பதிவு. நீங்கள் ஏற்றதும் அதே ரீல் உங்கள் பக்கத்திலும் உங்கள் பதிவாகவே நிற்கும், உங்களைப் பின்தொடர்பவர்களுக்கும் போகும், மேலே இரண்டு பெயரும் இருக்கும். இரண்டு பொத்தான்களும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அவசரத்தில் மாறிப்போவது சகஜம்.

பார்வை இரண்டு பக்கத்திலும் தெரியும் என்றாலும், எண் ஒன்றுதான். விருப்பமும் கருத்துகளும் அப்படித்தான். உங்கள் பக்கத்தில் 40,000, நண்பர் பக்கத்தில் 40,000 என்று இருந்தால் மொத்தம் 80,000 ஆகாது, 40,000 தான். ஒருமுறை நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கணக்கில், விளம்பரம் கொடுத்த கடைக்கு இரண்டையும் கூட்டிக் கணக்கு அனுப்பிவிட்டார்கள். கடைக்காரர் ரீலைத் திறந்து பார்த்ததும் ஒரே பதிவு என்று புரிந்துவிட்டது. அதன் பிறகு நாங்கள் கொடுத்த உண்மையான எண்களையும் அவர் நம்பவில்லை.

கூட்டுப் பதிவுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு, முதலில் பகிர்ந்தவர். அழைக்கப்பட்டவர் எப்போது வேண்டுமானாலும் தன் பெயரை விலக்கிக்கொள்ளலாம், அதனால் பதிவு போகாது. ஆனால் பகிர்ந்தவர் அழித்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு பெண், கோலம் போடுபவர், அவருடைய பக்கத்திலேயே அதிகம் பார்க்கப்பட்ட ரீல் நான்கு லட்சத்தைத் தாண்டியது. அதைப் பகிர்ந்தது அவரோடு வேலை செய்த ஒளிப்பதிவாளர். இருவருக்கும் மனத்தாங்கல் வந்து அவர் அழித்துவிட்டார். மறுநாள் காலையில் அந்தப் பெண் எனக்குப் போன் செய்து, "சார், என் ரீலைக் காணோம்" என்றார். கோலம் அவருடையது, கை அவருடையது, திரும்பக் கொண்டுவர அவர் பக்கம் எந்தப் பொத்தானும் இல்லை. மூலக் காட்சிகளும் அவரிடம் இல்லை. அன்றிலிருந்து நான் யாரைச் சேர்த்துவைத்தாலும், படப்பிடிப்பு முடிந்த அன்றே மூலக் காட்சிகளை இருவரும் நகலெடுத்துக்கொண்டுதான் கலைய வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

பணத்தையும் அப்போதே பேசிவிடுங்கள், யூடியூப் அதைப் பிரித்துத் தராது. பங்கு என்று ஒத்துக்கொண்டால், Studio-வில் தெரியும் தொகையை வைத்துப் பிரிக்காதீர்கள், அது மதிப்பீடு, பிறகு மாறும். 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் வெளியே வரும், அதுவும் மாதத்தின் 21-லிருந்து 26-ஆம் தேதிக்குள். வங்கியில் விழுந்ததும் அந்த வீடியோவின் பங்கைக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் மனக்கசப்பு இல்லை. ஒன்று விட்டு ஒன்று ஏற்பாட்டில் அவரவர் வீடியோவின் பணம் அவரவருக்கு என்று விட்டுவிடுவது எனக்குப் பிடித்த வழி, கணக்கே வேண்டாம்.

ஏற்கெனவே வந்துவிட்ட வீடியோவுக்கு இப்போது என்ன செய்யலாம் என்றால், நண்பரிடம் அதன் Details பக்கத்தைத் திறந்து கூட்டுப் படைப்புப் பகுதி தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தால் அழைக்கட்டும். தெரியாவிட்டாலும் மூன்று வேலை அவர் கையில் இருக்கிறது. விளக்கத்தின் முதல் வரியை, "சமையல்:" என்று தொடங்கி உங்கள் @ பெயரோடு எழுதலாம். அதையே ஒரு கருத்தாக எழுதி மேலே பின் செய்யலாம். கடைசித் திரையில் உங்கள் சேனலை ஒரு கட்டமாகச் சேர்க்கலாம், வீடியோவின் கடைசி 5 முதல் 20 நொடிக்குள் அது நிற்கும். அந்த நொடிகளில் யாராவது பேசிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, உங்கள் அம்மாவின் முகத்தை மறைக்காத மூலையாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். ரீலையும் அப்படியே, அதன் Edit-க்குள் Tag people-ஐத் திறந்து Invite collaborator வருகிறதா என்று பார்க்கட்டும்.

உங்கள் கையில் இருக்கும் வேலை ஒன்று. "மற்ற சேனல்களில் அம்மா" என்பது போல ஒரு பிளேலிஸ்ட் உருவாக்கி அந்த வீடியோவைச் சேர்த்துப் பொதுவில் வையுங்கள். பிளேலிஸ்ட்டில் அடுத்தவர் சேனல் வீடியோவையும் சேர்க்கலாம். பிறகு Studio-வில் Customization-க்குப் போய், அந்தப் பிளேலிஸ்ட்டை உங்கள் முகப்பில் ஒரு பகுதியாக வையுங்கள். பார்வை நேரம் நண்பருக்குத்தான் போகும், ஆனாலும் உங்கள் சேனலுக்கு வருகிறவர் அந்த வீடியோவை உங்கள் பக்கத்திலேயே பார்ப்பார்.

அன்று எடுத்த காட்சிகளில் நண்பரின் 17 நிமிடத்தில் வராதவை இருக்கும். மசாலா அரைத்தது, அடுப்பு மூட்டியது, இறக்கிய பிறகு ருசி பார்த்தது. அவற்றை வாங்கி, அம்மாவின் குரலில் அளவுகளைச் சொல்லவைத்து ஏழெட்டு நிமிடத்துக்கு உங்கள் சேனலுக்கென்று புதிதாக வெட்டுங்கள். அதை ஏற்றும்போது நண்பரைக் கூட்டுப் படைப்பாளராக அழையுங்கள். அந்த வீட்டை ரசித்த 90,000 பேரில் குழம்பு எப்படி வைத்தார்கள் என்று கேட்டவர்கள் நண்பரின் கருத்துப் பகுதியிலேயே இருப்பார்கள். அவர்களுக்கு மறுமொழியாக உங்கள் புது வீடியோவின் இணைப்பை அவர் போட்டாலே போதும்.